நிகழ்தகவு நிறைச் சார்பில் அறியப்படாத மாறிலி

சீரான பகடை ஒன்றை உருட்டும்போது அதன் ஆறு முகங்களுக்கும் மேலே வரும் வாய்ப்பு சமம். ஆகவே ஒவ்வொரு முகத்தின் நிகழ்தகவும் 1/6 என எந்தக் கணக்கீடும் இன்றி எழுதிவிடலாம். பகடையின் ஒரு முகத்திற்கு அடியில் சிறு ஈயத்துண்டு ஒன்று புதைக்கப்பட்டிருந்தால் இந்த வசதி போய்விடுகிறது. அப்போது எந்த எண் எந்த எண்ணைவிட எத்தனை மடங்கு மிகுதியாக விழுகிறது என்பது மட்டுமே பல நேரங்களில் தெரிந்திருக்கும். அதாவது, நிகழ்தகவுகளுக்கு இடையே உள்ள விகிதம் தெரியும், நிகழ்தகவுகள் தெரியமாட்டா. விகிதங்களை நிகழ்தகவுகளாக மாற்றித் தரும் எண்ணே இப்பகுதியில் k என்னும் எழுத்தால் குறிக்கப்படும் மாறிலியாகும்.

இரு நிபந்தனைகள்

X என்பது ஒரு தனிநிலைச் சமவாய்ப்பு மாறி என்க. அது ஏற்கும் ஒவ்வொரு மதிப்பு x-க்கும் f(x) = P(X = x) என வரையறுக்கப்படும் சார்பு, X-இன் நிகழ்தகவு நிறைச் சார்பு எனப்படும். ஒரு சார்பு நிகழ்தகவு நிறைச் சார்பாக அமைய இரு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்.

(i) ஒவ்வொரு x-க்கும் f(x) ≥ 0

(ii) ∑ f(x) = 1

இரண்டாவது நிபந்தனை எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. சோதனை ஒன்றைச் செய்து முடித்தவுடன் X தன் மதிப்புகளுள் ஏதேனும் ஒன்றை ஏற்றே தீரும். ஒரே நேரத்தில் இரண்டை ஏற்க முடியாது. எனவே X = x₁, X = x₂, ... என்னும் நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று விலக்குவன. அவை அனைத்தும் சேர்ந்து கூறுவெளி முழுவதையும் நிரப்புவன. கூறுவெளியின் நிகழ்தகவு 1 ஆதலால், அவற்றின் நிகழ்தகவுகளின் கூடுதலும் 1 ஆகிறது.

எந்த நிகழ்தகவும் 1-ஐ மிஞ்சக் கூடாது என்பது தனி நிபந்தனையாக எழுதப்படுவதில்லை. கூடுதல் 1 ஆக இருக்கும்போது ஓர் உறுப்பு 1-ஐ மிஞ்சினால், அதை ஈடுசெய்ய வேறோர் உறுப்பு குறை எண்ணாக இருந்தாக வேண்டும். முதல் நிபந்தனை அதைத் தடுத்துவிடுகிறது.

மாறிலியைக் காணும் பயிற்சிகளில் பெரும்பாலோர் இரண்டாவது நிபந்தனையை மட்டும் பயன்படுத்திவிட்டு, முதலாவதை மறந்துவிடுகின்றனர். அதனால் நேரும் பிழை எடுத்துக்காட்டு 2-இல் விளங்கும்.

எடுத்துக்காட்டு 1

ஈயம் ஏற்றப்பட்ட பகடை ஒன்றில் ஓர் எண் விழும் நிகழ்தகவு அந்த எண்ணுக்கு நேர்விகிதத்தில் உள்ளது. மேலே வரும் எண்ணை X குறித்தால்,

f(x) = kx, x = 1, 2, 3, 4, 5, 6

(அ) k-இன் மதிப்பைக் காண்க. (ஆ) P(X ≥ 5), (இ) X இரட்டை எண்ணாக இருக்கும் நிகழ்தகவு, (ஈ) விழுந்த எண் இரட்டை எனத் தெரிந்த நிலையில் அது 6 ஆக இருக்கும் நிகழ்தகவு ஆகியவற்றைக் காண்க.

தீர்வு:

(அ) ∑ f(x) = 1 என்பதால்,

k + 2k + 3k + 4k + 5k + 6k = 1

21k = 1

k = 1/21

இம்மதிப்பு மிகை எண். X-இன் மதிப்புகளும் மிகை எண்கள். எனவே ஒவ்வொரு f(x)-உம் மிகை எண்ணாகும். இரு நிபந்தனைகளும் நிறைவேறுகின்றன. பரவலை அட்டவணையாக எழுதினால்:

| x | 1 | 2 | 3 | 4 | 5 | 6 |
|---|---|---|---|---|---|---|
| f(x) | 1/21 | 2/21 | 3/21 | 4/21 | 5/21 | 6/21 |

பின்னங்களைச் சுருக்காமல் 21 என்னும் ஒரே பகுதியுடன் வைத்திருப்பதே இங்கு வசதியானது. அடுத்து வரும் கூட்டல்கள் தொகுதிகளின் கூட்டல்களாக மட்டும் அமையும்.

(ஆ) P(X ≥ 5) = f(5) + f(6) = 5/21 + 6/21 = 11/21

சீரான பகடையில் இதே நிகழ்ச்சியின் நிகழ்தகவு 1/3 மட்டுமே. இந்தப் பகடையிலோ அது பாதியைத் தாண்டிவிடுகிறது.

(இ) P(X இரட்டை) = f(2) + f(4) + f(6) = 12/21 = 4/7

(ஈ) நிபந்தனை நிகழ்தகவின் வரையறைப்படி,

P(X = 6 | X இரட்டை) = f(6) / [f(2) + f(4) + f(6)] = 6k / 12k = 1/2

இறுதி வரியில் k நீங்கிவிட்டதைக் கவனிக்க. நிபந்தனை நிகழ்தகவு என்பது இரு நிகழ்தகவுகளின் விகிதமே ஆதலால், மாறிலியின் மதிப்பு தெரியாதபோதும் இவ்விடையைப் பெற்றிருக்க முடியும். மாறாக (ஆ), (இ) ஆகிய இரண்டிற்கும் k-இன் மதிப்பு கட்டாயம் தேவை. எந்த வினாவிற்கு மாறிலி தேவை, எதற்குத் தேவையில்லை என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொண்டால் தேர்வில் நேரம் மிஞ்சும்.

இவ்வகைக் கணக்கில் வழக்கமாக நேரும் பிழைகள் இரண்டு. ஒன்று, ஆறு மதிப்புகள் உள்ளன என்பதைக் கொண்டு k = 1/6 என எழுதிவிடுவது. k பெருக்கப்படும் எண்களின் கூடுதலே பகுதியில் வர வேண்டும். மதிப்புகளின் எண்ணிக்கை அன்று. மற்றொன்று, x எங்குத் தொடங்குகிறது என்பதைப் பாராமல் விடுவது. அதே f(x) = kx என்னும் வாய்ப்பாடு x = 0, 1, 2, 3, 4, 5 என்னும் மதிப்புகளுக்குத் தரப்பட்டிருந்தால் கூடுதல் 15k ஆகும்; k = 1/15 ஆகிவிடும். வாய்ப்பாடும் அது செல்லுபடியாகும் x-இன் மதிப்புகளும் சேர்ந்தே ஒரு நிகழ்தகவு நிறைச் சார்பைத் தருகின்றன.

எடுத்துக்காட்டு 2

சமவாய்ப்பு மாறி X-இன் பரவல் பின்வருமாறு தரப்பட்டுள்ளது.

| x | 0 | 1 | 2 | 3 |
|---|---|---|---|---|
| f(x) | 2k² | 6k² | k | 2 − 7k |

k-இன் மதிப்பையும் P(X ≥ 1), P(1 ≤ X < 3) ஆகியவற்றையும் காண்க.

தீர்வு:

2k² + 6k² + k + 2 − 7k = 1

8k² − 6k + 1 = 0

(4k − 1)(2k − 1) = 0

k = 1/4 அல்லது k = 1/2

இரண்டு மூலங்களும் மிகை எண்கள். குறை எண்ணாக வரும் மூலத்தைத் தள்ளிவிடுவது என்னும் பழக்கம் இங்கு உதவாது. இரண்டையும் அட்டவணையில் பிரதியிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

k = 1/2 எனில், நான்கு மதிப்புகளும் முறையே 1/2, 3/2, 1/2, −3/2 ஆகின்றன. இவற்றின் கூடுதல் 1 தான். ஆயினும் f(3) குறை எண். f(1) ஒன்றைவிடப் பெரியது. இவை நிகழ்தகவுகள் ஆகமாட்டா.

k = 1/4 எனில், நான்கு மதிப்புகளும் முறையே 1/8, 3/8, 2/8, 2/8 ஆகின்றன. எல்லாம் மிகை எண்கள்; கூடுதல் 1. எனவே k = 1/4 மட்டுமே ஏற்கத்தக்கது.

P(X ≥ 1)-ஐக் காண மூன்று உறுப்புகளைக் கூட்டுவதைவிட நிரப்பு நிகழ்ச்சியைப் பயன்படுத்துவது சுருக்கமானது.

P(X ≥ 1) = 1 − f(0) = 1 − 1/8 = 7/8

P(1 ≤ X < 3) என்பதில் 1 சேரும், 3 சேராது. ஆகவே,

P(1 ≤ X < 3) = f(1) + f(2) = 3/8 + 2/8 = 5/8

தனிநிலை மாறிகளில் < என்னும் குறிக்கும் ≤ என்னும் குறிக்கும் உள்ள வேறுபாடு விடையையே மாற்றிவிடும். இங்கு P(1 ≤ X ≤ 3) கேட்கப்பட்டிருந்தால் விடை 7/8 ஆகியிருக்கும்.

இக்கணக்கில் கூடுதல் 1 என்னும் நிபந்தனையிலிருந்தே சமன்பாடு பிறந்தது. எனவே அதன் எந்த மூலத்தைப் பிரதியிட்டாலும் கூடுதல் 1 ஆகத்தான் வரும். விடையைச் சரிபார்க்கக் கூடுதலை மட்டும் மீண்டும் காண்பது பெருக்கல் பிழைகளைக் காட்டிக்கொடுக்கலாம். தவறான மூலத்தைக் காட்டிக்கொடுக்காது. ஒவ்வோர் உறுப்பின் குறியையும் தனித்தனியே பார்ப்பதே சரிபார்ப்பு ஆகும்.

முடிவிலி மதிப்புகள் உள்ளபோது

சீரான பகடை ஒன்று முதன்முறையாக 6 விழும் வரை திரும்பத் திரும்ப உருட்டப்படுகிறது. தேவைப்படும் உருட்டல்களின் எண்ணிக்கை X என்க. அது 1 ஆகலாம், 2 ஆகலாம், 50-உம் ஆகலாம். அதற்கு மேல்வரம்பு இல்லை. ஒவ்வொரு கூடுதல் உருட்டலும் முந்தையது தோல்வியுற்றால்தான் தேவைப்படும்; தோல்வியின் நிகழ்தகவு 5/6. எனவே அடுத்தடுத்த நிகழ்தகவுகள் 5/6 மடங்காகக் குறைந்து செல்லும். இதை

f(x) = k(5/6)ˣ, x = 1, 2, 3, ...

என எழுதலாம். k-ஐக் காண முடிவிலிப் பெருக்குத் தொடரின் கூடுதல் தேவை. முதல் உறுப்பு a, பொது விகிதம் r, |r| < 1 எனில் கூடுதல் a/(1 − r). இங்கு முதல் உறுப்பு 1 அன்று; x = 1-இலிருந்து தொடங்குவதால் a = 5/6.

k × (5/6) / (1 − 5/6) = 1

k × 5 = 1

k = 1/5

சீரான பகடையில் 1/5 எங்கிருந்து வந்தது என்னும் ஐயம் எழலாம். f(1) = (1/5)(5/6) = 1/6 என்று கணக்கிட்டால் ஐயம் தீரும்: முதல் உருட்டலிலேயே 6 விழும் நிகழ்தகவு 1/6 தான். மாறிலி தனியாக எந்த நிகழ்ச்சியின் நிகழ்தகவையும் குறிக்க வேண்டியதில்லை. இதே பரவலை f(x) = c(5/6)ˣ⁻¹ என எழுதியிருந்தால் c = 1/6 எனக் கிடைத்திருக்கும். எழுதும் வடிவம் மாறினால் மாறிலி மாறும், நிகழ்தகவுகள் மாறமாட்டா.

இனி, நான்கு உருட்டல்களுக்குள் 6 விழுந்துவிடும் நிகழ்தகவைக் காண்க.

f(1) + f(2) + f(3) + f(4) என்பது நான்கு உறுப்புகளைக் கொண்ட பெருக்குத் தொடர். அதன் கூடுதல்

P(X ≤ 4) = (1/5) × (5/6) × [1 − (5/6)⁴] / (1 − 5/6) = 1 − (5/6)⁴ = 1 − 625/1296 = 671/1296

இதன் தோராய மதிப்பு 0.518. அதாவது நான்கு உருட்டல்களுக்குள் 6 விழும் எனப் பந்தயம் கட்டுவோருக்குச் சிறிதளவு ஆதாயம் உண்டு. இந்த 671, 625 என்னும் எண்களை, 1654 ஜூலை 29 அன்று பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல், ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதத்தில் காணலாம். சூதாட்டத்தில் நாட்டம் கொண்ட டி மேரே என்பவர் எழுப்பிய ஐயங்களை ஒட்டி எழுந்த அக்கடிதப் போக்குவரத்திலிருந்தே நிகழ்தகவுக் கோட்பாட்டின் தொடக்கத்தைக் கணக்கிடுவது வழக்கம்.

முடிவிலி மதிப்புகள் உள்ளபோது k எப்போதும் கிடைத்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. f(x) = k/x, x = 1, 2, 3, ... என்பதைக் கருதுக. உறுப்புகள் மிகை எண்கள், சிறுத்துக்கொண்டே செல்பவை. ஆனால் அவற்றின் கூடுதலை இவ்வாறு தொகுத்துப் பார்க்கலாம்:

1 + 1/2 + (1/3 + 1/4) + (1/5 + 1/6 + 1/7 + 1/8) + ...

முதல் அடைப்புக்குள் உள்ள இரண்டு உறுப்புகளும் 1/4-க்குக் குறையாதவை. எனவே அவற்றின் கூடுதல் 1/2-க்கு மேல். அடுத்த அடைப்பில் நான்கு உறுப்புகள், ஒவ்வொன்றும் 1/8-க்குக் குறையாதது. அதன் கூடுதலும் 1/2-க்கு மேல். இவ்வாறு 1/2-ஐ மிஞ்சும் தொகுப்புகள் முடிவின்றி வந்துகொண்டேயிருப்பதால் கூடுதல் எல்லையின்றி வளர்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் ஓரெம் என்னும் பிரெஞ்சு அறிஞர் தந்த நிறுவல் இது. எந்த மிகை எண் k-ஆல் பெருக்கினாலும் எல்லையற்றது எல்லையற்றதாகவே இருக்கும்; k = 0 எனில் கூடுதல் 0. எனவே கூடுதலை 1 ஆக்கும் k இல்லை; f(x) = k/x நிகழ்தகவு நிறைச் சார்பு ஆகாது. அதே வாய்ப்பாடு x = 1, 2, 3, 4 எனப் பகுதியளவில் தரப்பட்டால் சிக்கல் இல்லை: கூடுதல் 25k/12; k = 12/25.

கூடுதல் தீர்மானிக்காத மாறிலி

மேற்கண்டவற்றில் ஒரு மாறிலி இருந்தது. அதைத் தீர்மானிக்க ஒரு சமன்பாடு இருந்தது. மாறிலிகள் இரண்டாக இருந்தால் என்ன நேரும் என்பதற்கு மெய்யான பகடைகளைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வு நல்ல சான்று.

இங்கிலாந்தைச் சேர்ந்த விலங்கியலறிஞர் வெல்டன் 12 பகடைகளை ஒருசேர உருட்டி, அவற்றுள் எத்தனை 5 அல்லது 6 காட்டுகின்றன என்று எண்ணிக் குறித்துக்கொண்டார். இவ்வாறு 26,306 முறை உருட்டிப் பெற்ற முடிவுகளை 1894-இல் கால்டனுக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தார். பகடைக் கணக்கில் இது 26,306 × 12 = 3,15,672 உருட்டல்கள். அவற்றுள் 5 அல்லது 6 விழுந்தவை 1,06,602. பகடைகள் சீரானவையாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1,05,224 எதிர்பார்க்கத்தக்கது. கிடைத்தது 1,378 மிகுதி.

இந்த மிகுதி தற்செயலாக வந்திருக்க முடியாதா என்பது முறையான வினா. சீரான பகடைகளை இத்தனை முறை உருட்டினால் இவ்வெண்ணிக்கையின் திட்ட விலக்கம் ஏறத்தாழ 265 ஆக இருக்கும் என்பது ஈருறுப்புப் பரவலின் வாய்ப்பாட்டிலிருந்து கிடைக்கும். 1,378 என்பது அதைப்போல் ஐந்து மடங்கிற்கும் மேற்பட்டது. தற்செயல் என்று தள்ளிவிட இயலாத அளவு அது.

இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம் எளிமையானது. பகடையின் முகங்களில் புள்ளிகள் குழிகளாகத் தோண்டப்படுகின்றன. ஆறு குழிகள் உள்ள முகம் சற்றே இலேசானது. அதற்கு நேரெதிரே ஒரு குழி உள்ள முகம் சற்றே கனமானது. கனமான முகம் கீழே தங்க முனைவதால் 6 மேலே வருவது சிறிது மிகுதியாகும். எதிரெதிர் முகங்களின் குழிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு 6-க்கும் 1-க்கும் 5. 5-க்கும் 2-க்கும் 3. 4-க்கும் 3-க்கும் 1. விளைவும் இதே விகிதத்தில் இருக்கும் எனக் கொண்டால், பரவலைப் பின்வருமாறு எழுதலாம்.

| x | 1 | 2 | 3 | 4 | 5 | 6 |
|---|---|---|---|---|---|---|
| f(x) | a − 5b | a − 3b | a − b | a + b | a + 3b | a + 5b |

கூடுதலைக் காண்க. b உள்ள உறுப்புகள் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன; 6a = 1; a = 1/6. b-ஐப் பற்றி இந்தச் சமன்பாடு எதுவும் சொல்லவில்லை. b எதுவாயினும் கூடுதல் 1 ஆகவே இருக்கும்.

முதல் நிபந்தனை மட்டும் b-க்கு ஒரு வரம்பு விதிக்கிறது. b மிகை எண்ணாக இருந்தால் மிகச் சிறிய உறுப்பு f(1) = 1/6 − 5b. அது குறை எண்ணாகாமல் இருக்க b ≤ 1/30. b குறை எண்ணாக இருந்தால் இதே போல் f(6)-இலிருந்து b ≥ −1/30. ஆக, −1/30 முதல் 1/30 வரை உள்ள எந்த b-உம் முறையான நிகழ்தகவு நிறைச் சார்பைத் தரும். அவற்றுள் எது வெல்டனின் பகடைக்கு உரியது என்பதை இயற்கணிதம் தராது. எண்ணிப் பார்த்த தரவுதான் தரவேண்டும்.

P(X ≥ 5) = f(5) + f(6) = 2a + 8b = 1/3 + 8b

இதைத் தரவிலிருந்து கிடைத்த பங்கிற்குச் சமப்படுத்தினால்,

1/3 + 8b = 1,06,602 / 3,15,672

8b = 1,378 / 3,15,672 ≈ 0.004365

b ≈ 0.000546

இது 1/30 என்னும் வரம்பிற்கு மிகவும் உள்ளே இருக்கிறது. எனவே முதல் நிபந்தனை நிறைவேறுகிறது. இப்போது தனித்தனி நிகழ்தகவுகளைக் கணக்கிடலாம்.

f(6) = 1/6 + 5b ≈ 0.1694

f(1) = 1/6 − 5b ≈ 0.1639

P(X இரட்டை) = 3a + (−3 + 1 + 5)b = 1/2 + 3b ≈ 0.5016

எடுத்துக்காட்டு 1-இல் கண்ட ஈயம் ஏற்றிய பகடையில் இரட்டை எண்ணின் நிகழ்தகவு 4/7, அதாவது ஏறத்தாழ 0.571. சில நூறு உருட்டல்களிலேயே அந்த ஏமாற்று வெளிப்பட்டுவிடும். 0.5016 என்பதையோ இலட்சக்கணக்கில் உருட்டினால்தான் 0.5-இலிருந்து பிரித்தறிய முடியும்.

இவ்விடைகள் அட்டவணையில் கொள்ளப்பட்ட வடிவத்தைச் சார்ந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வடிவத்தில் எதிரெதிர் முகங்களின் நிகழ்தகவுகளைக் கூட்டினால் b எப்போதும் நீங்கிவிடும்: f(1) + f(6) = 2a = 1/3. எனவே ஒரு பகடையின் ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே எண்ணிய தரவில் 1-உம் 6-உம் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கைத் தெளிவாக மிஞ்சினால், b-ஐ எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை. வடிவமே பொருந்தவில்லை என்பது பொருள். 2009-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லேபி, பகடைகளைத் தானே உருட்டிப் படமெடுத்து எண்ணும் கருவி ஒன்றை அமைத்து வெல்டனின் ஆய்வை மீண்டும் செய்தபோது நேர்ந்தது இதுவே. அவருடைய பகடைகளில் 1, 6 ஆகிய இரண்டுமே சற்று மிகுதியாக விழுந்தன. அளந்து பார்த்ததில் அம்முகங்களுக்கு இடையே உள்ள தொலைவு மற்ற இரு திசைகளைவிடச் சிறிது குறைவாக இருந்தது. பகடை தட்டையாக உள்ள திசையில் படுக்க முனைந்தது. வெல்டன் 5, 6 ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து எண்ணியதால், அவருடைய எண்ணிக்கையைக் கொண்டு இவ்விரு காரணங்களையும் பிரித்தறிய முடியாது.

பயிற்சி

1. f(x) = k(7 − x), x = 1, 2, 3, 4, 5, 6 எனில் k-ஐயும் P(X ≤ 2)-ஐயும் காண்க. எடுத்துக்காட்டு 1-இல் உள்ள பகடையோடு இதற்கு என்ன தொடர்பு?

2. f(0) = 2k², f(1) = k, f(2) = 4k² எனில் k-இன் ஏற்கத்தக்க மதிப்பைக் காண்க. மற்றொரு மூலம் ஏன் தள்ளப்படுகிறது? P(X ≥ 1)-ஐக் காண்க.

3. f(x) = k(6 − |x − 7|), x = 2, 3, ..., 12 எனில் k-ஐயும் P(X ≥ 10)-ஐயும் காண்க. இரு சீரான பகடைகளை உருட்டிக் கிடைக்கும் கூடுதலின் பரவலோடு இதை ஒப்பிடுக.

4. வெல்டனின் பகடைக்கு எழுதப்பட்ட அட்டவணையில் b = 1/40 எனில் f(1)-ஐயும் X இரட்டை எண்ணாக இருக்கும் நிகழ்தகவையும் காண்க. b = 1/25 எனக் கொள்ள முடியுமா? காரணம் கூறுக.

விடைகள்: (1) 1/21, 11/21 (2) 1/3, 7/9 (3) 1/36, 1/6 (4) 1/24, 23/40, கொள்ள முடியாது.